மே பத்து, மாலை ஐந்து மணி வரை

பழைய மாணவர் விழாவுக்குச் சுருளிராஜன் எழுதிய அழைப்பிதழைப் படித்து முடிப்பதற்குள் சண்முகத்தாய்க்குக் கொட்டாவி மேல் கொட்டாவி வந்தது. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் மெனக்கெட்டுத்தான் எழுதியிருந்தார். "மலரும் நினைவுகளே, மணக்கும் உறவுகளே" என்று ஆரம்பித்து, நடுவில் தன்னுடைய போடி ஏலக்காய் மண்டியின் பெருமை, தான் கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரின் பெருமை, தன் பெரிய மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிற பெருமை எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, "அலைகடலெனத் திரண்டு வாரீர்" என்று முடித்திருந்தார். எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும், வராதவன் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி கிடையாது.

இதைத்தான் பொங்கலுக்கு முன்னால் மதுரையில் கொடுத்துத் தங்க எழுத்தில் அச்சடித்து ஊர் ஊராகத் தபாலில் போட்டார். திருப்பூர், சென்னை, குமுளி, துபாய் என்று சிதறிக்கிடந்த 1984ஆம் வருஷத்துப் பிளஸ் டூ கூட்டத்திலிருந்து பத்துப் பேர்கூடப் பதில் போடவில்லை. அதற்குப் பிறகுதான் சந்தனம்மாள் வாயைத் திறந்தாள். அவள் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவள், விழாக் குழுவுக்குச் செயலாளர். "நம்ம வகுப்புலயே கட்டுரை எழுதுறதுல முதல் ஆளு சின்னமனூர்ல அச்சாபீஸ் வச்சிருக்கா. அவளை விட்டுப்புட்டு மதுரைக்கு எதுக்குப் போகணும்?" என்று கேட்டாள்.

அப்படித்தான் அந்த ஏப்ரல் மாதத்து மத்தியானத்தில் மூன்று பேரும் சண்முகத்தாயின் அச்சகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஆஃப்செட் மெஷின் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் தள்ளிக்கொண்டிருந்தது. சுருளிராஜன் மின்விசிறிக்கு நேராக இருந்த நாற்காலியைத் தனக்கென்று எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எழுத்துல கொஞ்சம் உருக்கம் வேணும்னு சந்தனம் சொல்லுது. நீ சேர்த்துக்க தாயி. உனக்கு அதெல்லாம் வரும்ல," என்றார்.

தாயி. இருபத்து மூன்று வருஷம் கழித்தும் அந்த வாயிலிருந்து அந்தப் பேர் வருவது சண்முகத்தாய்க்குப் பிடிக்கவில்லை.

அவள் காகிதத்தின் முதல் வரியில் விரலை வைத்தாள். "1984ஆம் ஆண்டு பொதுத்தேர்வு எழுதிய மாணவ மாணவியர் அனைவரும்" என்று இருந்தது.

"இதை மாத்தணும். தேர்வு எழுதியன்னு போட வேணாம். படித்தன்னு போடுவோம்," என்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்லைங்க," என்றாள் சண்முகத்தாய்.

சந்தனம்மாள் மட்டும் சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். அந்த வகுப்பில் தேர்வு எழுதாமல் போனது ஒரே ஒருத்திதான்.

அந்தக் கதையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. பிளஸ் டூ படிக்கிறபோது சண்முகத்தாய்க்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை சொருகிப் படுக்கப் போட்டுவிட்டார்கள். பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் மதுரைக்குப் போகப்போகிறது, எல்லோரும் போட்டோ கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும், வெள்ளிக்கிழமைதான் கடைசி. வகுப்புத் தலைவன் சுருளி. பக்கத்துத் தெருக்காரன். "தாயி வீட்ல போயிச் சொல்லிரு, அவுக அய்யாகிட்டயாவது போட்டோவைக் குடுத்துவிடச் சொல்லு," என்று வாத்தியார் அவனைத்தான் அனுப்பினார். அவன் வந்தான். வேப்பிலைக்கு வெளியே நின்று, "போட்டோ குடுத்துக் கையெழுத்துப் போட இன்னும் நாளு கிடக்காம், நல்லாத் தண்ணி ஊத்திக்கிட்டு வந்தாப் போதும்னாக," என்று சொல்லிவிட்டுப் போனான். அரையாண்டில் அவள் முதல், அவன் இரண்டாவது. அதுக்கு மேலே ஒரு காரணமும் இல்லை.

தண்ணீர் ஊற்றிக்கொண்டு, போட்டோவை எடுத்துக்கொண்டு, வடுக் காயாத முகத்தோடு அவள் பள்ளிக்கூட ஆபீஸுக்குப் போய் நின்றாள். "பட்டியல் மதுரைக்குப் போயிருச்சேம்மா. செப்டம்பர்ல எழுதிக்க," என்றார் கிளார்க். அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் சுருளி நாலு பேரோடு நின்று சிரித்தது அவள் காதில் விழுந்தது. செப்டம்பர் வருவதற்குள் கழுத்தில் தாலி ஏறிவிட்டது. புருஷன் நல்ல மனுஷன், அச்சுக் கோக்கக் கற்றுக்கொடுத்தான், இந்தக் கடையும் அதனால் வந்ததுதான். ஆனால் வாத்தியாராகப் போகிறேன் என்று வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தவள், வாழ்நாள் பூராவும் அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்துக்கு நல்ல நேரம் அச்சடித்துக்கொண்டிருக்கிறாள். அதை அவள் ஒருநாளும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் அவளுக்கு இல்லை.

சுருளிராஜன் தொண்டையைச் செருமினார். "உருக்கம் உன் பாடு. ஒரு விஷயம் மட்டும் என் பாடு. விழா அன்னிக்குப் பழைய மாணவர் சங்கம் ஆரம்பிக்கிறோம், தலைவரைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்த ஒச்சாண்டிப் பய தலைவருக்கு நிக்கப்போறதாப் பேசிக்கிட்டு அலையுறான். அவன் எந்தக் காரியத்தையும் நேரத்துக்குச் செஞ்சது கிடையாது. வாழைத்தார் லாரியையே ராத்திரி கடைசியாத்தான் மார்க்கெட்டுக்கு அனுப்புவான். அதனால பதிவுக்குக் கடைசித் தேதின்னு ஒண்ணு போடு. தேதி தாண்டி வந்தா எந்தக் கொம்பனுக்கும் கிடையாது. ஓட்டுப் போடவும் முடியாது, நிக்கவும் முடியாது. கொட்டை எழுத்துல போடு."

"எந்தக் கொம்பனுக்கும்?" என்று சண்முகத்தாய் திருப்பிக் கேட்டாள்.

"எந்தக் கொம்பனுக்கும். சலுகை கிலுகைன்னு எவனும் வந்து நிக்கக்கூடாது."

"சாப்பாடு?" என்றாள் சந்தனம்மாள்.

"சாப்பாடு என் செலவு, வந்தவுகளை வெறும் வயித்தோட அனுப்புன பேரு எனக்கு வேணாம். சாப்பாடு எல்லாருக்கும் உண்டு. பேட்ஜ், குரூப் போட்டோ, விழா மலர்ல பேரு, ஓட்டு, இதெல்லாம் பதிஞ்சவனுக்கு மட்டும்."

சண்முகத்தாய் எழுதிக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் மனசில் ஒரு திட்டமும் இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். எண்ணம் அங்கேயே முளை விட்டுவிட்டது.

இரண்டு நாள் அவள் அதோடு மல்லுக்கட்டினாள். உருக்கமாக எழுதுகிறேன் பேர்வழி என்று "பசுமையான நினைவுகள்" என்று எழுதினால் ஒருத்தனுக்கும் ஒன்றும் நினைவுக்கு வராது. அது அவளுக்குத் தெரியும். எதைச் சொன்னால் துபாயில் இருக்கிறவன் வேலையை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பான்? அதை யோசித்தாள். யோசிக்க யோசிக்க, இந்த நினைவெல்லாம் தன்னுடையதும்தான், தன்னைத்தான் பாதியில் வெளியே தள்ளினார்கள் என்று கோபம் வந்தது. கோபத்தோடேயே எழுதினாள். எழுத்து நன்றாக வந்தது.

"மணி அடிக்கும் தண்டவாளத் துண்டு இன்னும் அந்தப் புங்கமரத்திலேயே தொங்குகிறது. அதை அடித்துவிட்டு ஓடிய ஆள் யாரென்று இன்றைக்கு வரைக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. வந்தால் ஒப்புக்கொள்ளலாம், தண்டனை கிடையாது. வேதியியல் அறையில் உடைந்த குடுவைகளுக்கு நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு பூனையின் மேல் பழி போட்டோம். சுருளி அருவிக்குச் சுற்றுலா போன லாரி உத்தமபாளையம் தாண்டிப் படுத்துக்கொண்டபோது, திராட்சைத் தோட்டத்தில் நாம் சாப்பிட்டதற்கு அந்தத் தோட்டக்காரர் இன்னும் கணக்குக் கேட்கவில்லை. மழை பெய்தால் கடைசி பெஞ்சு நனையும். நனைகிறவர்கள் முன்னால் வந்து நம்மோடு நெருக்கி உட்காருவார்கள். ஒருநாள் அதே மாதிரி நெருக்கி உட்காருவோம். இடம் இருக்கிறது. உங்கள் இடம் உங்களுக்காகவே இருக்கிறது."

அதற்குக் கீழே ஒரு கோடு. உருக்கத்தையும் தேதியையும் கலக்கக்கூடாது என்பது தொழில் பாடம். கண் கலங்கியவன் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்க்கும்போது, என்ன செய்ய வேண்டும் என்பது பளிச்சென்று இருக்க வேண்டும். கட்டம் கட்டினாள்.

"நீங்கள் செய்ய வேண்டியவை: 1. கீழே உள்ள சீட்டை நிரப்பிக் கையெழுத்திடுங்கள். 2. ஒரு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இணையுங்கள். 3. சின்னமனூர் அச்சக முகவரிக்குத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுங்கள். சீட்டு கிடைத்ததும் உங்கள் பதிவு எண்ணைத் தொலைபேசியில் சொல்வோம். எண் வராவிட்டால் சீட்டு வரவில்லை என்று பொருள், உடனே அழையுங்கள்.

சீட்டு எங்கள் கைக்கு வந்து சேர வேண்டிய கடைசி நாள்: மே 10, வியாழக்கிழமை, மாலை 5 மணி. விழா நாள்: மே 27, ஞாயிற்றுக்கிழமை, காலை 9 மணி.

கடைசி நாளுக்குப் பின் பதிவு இல்லை. பதியாதவர்களுக்கு விருந்து உண்டு. அடையாள அட்டை, குழுப் புகைப்படம், மலரில் பெயர், சங்கத்தில் வாக்கு, பதவிக்குப் போட்டி ஆகியவை இல்லை. விழாக் குழுவினர் உட்பட யாருக்கும் விலக்கு இல்லை."

கடைசி வரியைத் தட்டச்சுச் செய்தபோது அவள் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு அதைத் தடித்த எழுத்தாக்கினாள்.

புரூஃப் பார்க்க சுருளிராஜன் காரை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். மேல் பாதியைப் படித்தார். திராட்சைத் தோட்டம் வந்ததும் சிரித்தார். கடைசி பெஞ்சு வந்ததும் நிஜமாகவே மூக்கை உறிஞ்சினார். "அடியாத்தி, என்னமா எழுதியிருக்க! எனக்கே அழுகை வந்துருச்சே," என்றார்.

"கீழ உள்ளதையும் படிச்சிருங்க."

"நான் சொன்னதுதானே? கொட்டை எழுத்துல இருக்கு, அது போதும்." கட்டத்துக்குள் இருந்த ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை. தன் பேர் 'விழாக் குழுத் தலைவர்' என்று மேலே சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, ஓரத்தில் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எந்த அச்சகத்திலும் அப்படித்தான், வாடிக்கையாளர் கையெழுத்து விழாமல் மெஷின் ஓடாது. அவள் புரூஃபைக் கோப்பில் வைத்தாள்.

அழைப்பிதழ் போனது. அந்த வாரமே சீட்டுகள் வர ஆரம்பித்தன. நாலு பக்கத்துக் கடிதத்தோடு வந்தவை உண்டு. மணியை அடித்தது நான்தான் என்று மூன்று பேர் தனித்தனியாக ஒப்புக்கொண்டார்கள். ஒச்சாண்டி முதல் நாளே புல்லட்டில் வந்து இறங்கினான். "இந்த வாழைத்தார்க்காரன் எதையும் நேரத்துக்குச் செய்யமாட்டான்னு ஊரே பேசுது. அந்த மழை பெஞ்ச பெஞ்சைப் பத்திப் படிச்சதும் என்னால இருக்க முடியல தாயி, அங்கன நனைஞ்சவன் நான்தானே," என்று சீட்டை நீட்டினான். கையெல்லாம் வாழைக் கறை.

கடைசித் தேதிக்கு முந்தின வாரம், இன்னும் சீட்டு அனுப்பாதவர்களுக்குப் போன் செய்து ஞாபகப்படுத்துவது என்று முடிவானது. சந்தனம்மாள் பேர்களை எழுதிக்கொண்டு வந்தாள். மேலே முதல் பேரே சுருளிராஜன்.

"இவரும் அனுப்பலைடி. தலைவருக்கு எதுக்குச் சீட்டுன்னு நினைச்சுக்கிட்டாக போல. ஒரு போன் போட்டுருவமா?"

சண்முகத்தாய் பேனாவை எடுத்து அந்தப் பேரை அடித்தாள். "விதியை எழுதச் சொன்னவரே அவருதான். அவருக்கே போய் ஞாபகப்படுத்துனா கோவிச்சுக்கிருவாக."

சந்தனம்மாள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். "தாயி, நீ வேணும்னேதான் செய்யுற," என்றாள்.

"ஆமா, வேணும்னேதான்," என்றாள் சண்முகத்தாய். "நான் ஒரு பொய்யும் சொல்லல. அவரு வீட்டுக்கும் அழைப்பிதழ் தபால்ல போயிருக்கு. தேதி அதுல இருக்கு. எனக்கு அது கூடக் கிடைக்கல."

சந்தனம்மாள் அடுத்த பேருக்குப் போன் போட்டாள்.

மே பத்தாம் தேதி சாயங்காலம் சண்முகத்தாய் கடை வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. யாராவது சொல்லித் தொலைத்துவிட்டால்? தெருமுனையில் கார் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து பார்த்தாள். ஒருமுறை நிஜமாகவே அவர் கார் வந்தது. நிற்கவில்லை, கையை ஆட்டிவிட்டுப் போடிப் பக்கம் போய்விட்டது. ஐந்து மணிக்குக் கடைக் கதவைச் சாத்தி, கணினியில் பட்டியலை மூடி, பேட்ஜ் அடிக்கக் கொடுத்தாள். விழா மலரும் அன்றைக்கே மெஷினுக்குப் போயிற்று.

விழா அன்று பள்ளிக்கூடம் நிறைந்துவிட்டது. ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் தெரியாமல் பேட்ஜைப் பார்த்துக் கத்திக் கட்டிக்கொண்டார்கள். தண்டவாளத் துண்டை அடிக்க வரிசை நின்றது. சுருளிராஜன் பட்டுச் சட்டையில் ஒவ்வொரு கும்பலாகப் போய் விசாரித்தார். "பேட்ஜ் எங்கண்ணே?" என்று யாரோ கேட்டதற்கு, "என்னை யாருக்குத் தெரியாது?" என்று சிரித்தார்.

சாப்பாட்டுக்கு முன்னால் சங்கக் கூட்டம். மேடையில் சந்தனம்மாள் தலைவர் பதவிக்குப் பேர் முன்மொழியச் சொன்னாள். ஒருத்தர் ஒச்சாண்டி என்றார். சுருளிராஜனின் சிநேகிதர் ஒருத்தர் எழுந்து, "நம்ம சுருளி," என்றார். கை தட்டினார்கள்.

ஒச்சாண்டி எழுந்தான். கையில் விழா மலரை விரித்து வைத்திருந்தான். "பதிஞ்சவுகதான் நிக்கலாம்னு அழைப்பிதழ்ல போட்டிருக்கு. நான் மூணு தடவை பார்த்துட்டேன். சுருளி பேரு இதுல இல்லையே?"

"ஏலே, விழாவே என்னுதுடா!" என்றார் சுருளிராஜன்.

"பதிவு எண்ணைச் சொல்லுங்க," என்றாள் சந்தனம்மாள். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் கேட்டுவிட்டாள்.

எண் இருந்தால்தானே சொல்வதற்கு? அவர் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ அழைப்பிதழை எடுத்து உரக்கப் படித்தார்கள்: "விழாக் குழுவினர் உட்பட யாருக்கும் விலக்கு இல்லை." பின்வரிசையில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. அது முன்வரிசை வரைக்கும் வந்தது. "கையெழுத்துப் போட்டது யாரு?" என்று ஒருத்தர் கேட்க, "அவருதான், புரூஃப்ல இருக்கு," என்றாள் சண்முகத்தாய். சிரிப்பு இன்னும் பெரிதானது. ஒச்சாண்டி போட்டியில்லாமல் தலைவரானான்.

சுருளிராஜன் நேராகப் பதிவு மேஜைக்கு வந்தார். முகம் கருத்துப்போயிருந்தது. சண்முகத்தாய் மிச்சப் பேட்ஜ்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் கையை ஆட்டிட்டுப் போறேன், நீ வாசல்ல உக்காந்து பார்க்குற. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல தாயி?"

அவள் நிமிர்ந்தாள். அதுவரைக்கும் 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவள், அதை அந்த மேஜையிலேயே வைத்துவிட்டாள்.

"எனக்கு அம்மை போட்டிருந்துச்சு. நீ வேப்பிலைக்கு வெளிய வந்து நின்ன. வெள்ளிக்கிழமை கடைசின்னு உனக்குத் தெரியும். நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சுருளி?"

முதலில் அவருக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியதை அவள் கண்ணால் பார்த்தாள், இத்தனை வருஷமும் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"அது... சின்னப் பிள்ளைல விளையாட்டுக்கு... அதையா இன்னும் வச்சுக்கிட்டு..."

"ஆமா. வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

மைதானத்தில் போட்டோக்காரர் எல்லோரையும் நெருக்கி நிற்கச் சொல்லிக் கத்தினார். பேட்ஜ் இருக்கிறவர்கள் ஓடினார்கள். சுருளிராஜன் போகவில்லை, போக முடியாது.

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார் சுருளிராஜன். குரல் இறங்கிவிட்டது.

சண்முகத்தாய் ஒரு பதிவுச் சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "பட்டியல் போயிருச்சு. செப்டம்பர்ல சங்கத்துக்கு மறுபடி ஆள் சேர்ப்பாக. செப்டம்பர்ல எழுதிக்க."

தன் பேட்ஜைச் சரிசெய்துகொண்டு அவள் மைதானத்துக்குப் போனாள். முதல் வரிசையில் சந்தனம்மாள் இடம் பிடித்து வைத்திருந்தாள். போட்டோ எடுத்து முடித்ததும் பந்தியில் உட்கார்ந்து, சுருளிராஜன் செலவில் காய்ச்சிய பாயசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள்.